அக்வாபோரின்: வாய்க்காலா, மதகா?

பாடநூல்கள் அக்வாபோரினை அறிமுகப்படுத்தும் விதம் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். செல்லின் சவ்வு கொழுப்பால் ஆனது. கொழுப்போடு தண்ணீர் சேராது. ஆகவே தண்ணீர் கடப்பதற்கென்று சவ்வில் புரதத்தால் ஆன தனி வழி இருக்கிறது. அந்த வழி இல்லாவிட்டால் சிறுநீரகமும் வேரும் இயங்காது. படிக்கச் சுலபம், தேர்வில் எழுதினால் முழு மதிப்பெண். ஆனால் இதன் தொடக்கம் பாதி தவறு. நடுப்பகுதி ஐயத்துக்கு இடமில்லாமல் நிறுவப்பட்டது. முடிவு இடத்துக்கு இடம் மாறுவது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவதால், எந்தக் கூற்றுக்கு எவ்வளவு சான்று இருக்கிறது என்பது கண்ணில் படாமல் போகிறது. அவற்றைப் பிரித்துப் போட்டு எடைபோட்டுப் பார்க்கலாம்.

தொடக்கத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். கொழுப்பு இரட்டை அடுக்கைத் தண்ணீர் கடக்காது என்பது சரியல்ல, கடக்கும். புரதமே சேர்க்காமல் ஆய்வகத்தில் செய்த வெறும் கொழுப்புச் சவ்வுகளிலும் தண்ணீர் ஊடுருவுவதை அளந்திருக்கிறார்கள். மூலக்கூறு சிறியது, மின்னூட்டம் இல்லாதது. கொழுப்புச் சங்கிலிகளுக்கு நடுவே ஒவ்வொன்றாகக் கரைந்து மறுபக்கம் வந்து சேர்கிறது. எவ்வளவு வேகமாக என்பது சவ்வின் சேர்மானத்தைப் பொறுத்தது. கொலஸ்ட்ரால் நிறைந்து இறுகிய சவ்வும், வளைந்த கொழுப்பு அமிலங்கள் நிறைந்து தளர்ந்த சவ்வும் நீர் விடும் அளவில் ஒன்றுக்கொன்று பல பத்து மடங்கு வேறுபடும். ஆகவே தண்ணீர் கடக்குமா என்று கேட்பதில் பொருளில்லை. அளந்து கண்ட வேகத்தைக் கொழுப்பை மட்டும் வைத்து விளக்க முடியுமா என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்வி சூடுபிடித்தது சிவப்பணுவை வைத்து. சிவப்பணுவை நீர்த்த கரைசலில் இட்டால் நொடிக்கும் குறைந்த நேரத்தில் வீங்குகிறது. 1957-இல் சைடலும் சாலமனும் அதன் நீர் ஊடுருவலை அளந்த காலத்திலிருந்தே, இந்த வேகம் வெறும் பரவலுக்கு அதிகம் என்ற ஐயம் வலுத்துவந்தது. அதற்கு மூன்று வகைச் சான்றுகளைக் காட்டினார்கள். மூன்றும் ஒரே வலு கொண்டவை அல்ல.

ஒன்று, இரண்டு விதமான அளவீடுகளை ஒப்பிடுவது. சவ்வின் இருபுறமும் செறிவு ஒன்றாகவே இருக்க, அடையாளமிட்ட நீர் மூலக்கூறுகள் எவ்வளவு வேகமாக இடம் மாறுகின்றன என்று அளக்கலாம். இது பரவல் ஊடுருவல். செறிவு வேறுபாட்டை உண்டாக்கி, நிகரமாக எவ்வளவு நீர் பாய்கிறது என்றும் அளக்கலாம். இது சவ்வூடு ஊடுருவல். மூலக்கூறுகள் கொழுப்பில் தனித்தனியாகக் கரைந்து கடந்தால் இரண்டும் சமமாக வரவேண்டும். ஒரு குறுகிய துளையில் வரிசையாக நின்று ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு போனால் இரண்டாவது அளவு பெரிதாக வரும். சிவப்பணுவில் பெரிதாகத்தான் வந்தது. வாதம் அழகானது, ஆனால் அதில் ஒரு ஓட்டை இருக்கிறது. சவ்வை ஒட்டி எப்போதும் அசையாத ஒரு மெல்லிய நீர்ப்படலம் நிற்கும். அடையாளமிட்ட மூலக்கூறு அந்தப் படலத்தையும் கடந்தாக வேண்டும் என்பதால் பரவல் அளவு உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். துளையே இல்லாத சவ்விலும் இரண்டு அளவுகளும் வேறுபட்டதாகத் தோன்ற இதுவே போதும். ஜாக் டெய்ன்டி 1963-இல் இதை வலியுறுத்தியபிறகு, இந்த ஒப்பீட்டை மட்டும் நம்பிய பல முடிவுகள் ஆட்டம் கண்டன.

அடுத்தது வெப்பநிலை. கொழுப்பில் கரைந்து கடக்கும் மூலக்கூறு தன் ஹைட்ரஜன் பிணைப்புகளை முறித்துக்கொண்டுதான் போக வேண்டும். அதற்கு மோலுக்குச் சுமார் 12 கிலோகலோரி தேவை. துளை வழியே போனால் சாதாரண நீரில் நகர்வது போலச் சுமார் 4 அல்லது 5 கிலோகலோரி போதும். கணக்கிட்டுப் பார்த்தால், 10 டிகிரி செல்சியஸிலிருந்து 35-க்கு வெப்பத்தைக் கூட்டும்போது கொழுப்பு வழி ஓட்டம் ஐந்து மடங்குக்கு மேல் கூடும். துளை வழி ஓட்டம் இரண்டு மடங்கு வாக்கில் கூடும். சிவப்பணு இரண்டாவது வகையில் நடந்துகொண்டது. இது முதல் சான்றைவிட வலுவானது.

மூன்றாவது பாதரசம். 1970-இல் மேசியும் ஃபார்மரும் பாதரசச் சேர்மங்கள் சிவப்பணுவின் நீர் ஊடுருவலை அடக்குவதைக் காட்டினார்கள். கந்தகம் ஏந்திய சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தைப் பற்றிக்கொள்வது பாதரசத்தின் குணம். ஆகவே வழி எதுவானாலும் அது ஒரு புரதம் என்று தெரிந்தது. ஆனால் பாதரசம் எந்தப் புரதத்தைத்தான் விட்டுவைக்கிறது? வேரைப் பற்றிப் பேசும்போது இந்தக் கேள்வி மீண்டும் எழும்.

இவ்வளவு இருந்தும் அந்தப் புரதத்தை யாரும் கையில் பிடிக்கவில்லை. ருமேனியாவின் கெயார்கே பெங்கா 1986-இல் கதிரியக்க அடையாளமிட்ட பாதரசச் சேர்மம் சிவப்பணுச் சவ்வில் எந்தப் புரதப் பட்டைகளில் ஒட்டுகிறது என்று காட்டி, நீர்வழி அங்கேதான் என்றார். 1988-இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பீட்டர் ஏகர் வேறொன்றைத் தேடிக்கொண்டிருந்தார். ஆர்ஹெச் இரத்த வகைப் புரதத்தைப் பிரித்தெடுக்கும்போது 28 கிலோடால்டன் எடையுள்ள இன்னொரு புரதம் கூடவே வந்தது. முதலில் அதை ஆர்ஹெச் புரதத்தின் உடைந்த துண்டு என்றே நினைத்தார்கள். பார்த்தால் ஒரு சிவப்பணுவில் ஏறத்தாழ இரண்டு லட்சம் பிரதிகள் இருந்தன. சிறுநீரகத்தின் நுண்குழல்களிலும் கொட்டிக் கிடந்தது. மரபணு வரிசையில் அதன் உறவினர்கள் கண்வில்லையிலும் பாக்டீரியாவிலும் செடியிலும் இருந்தார்கள். இவ்வளவு பேருக்கும் பொதுவான வேலை நீர் கடத்துவதாக இருக்கலாம் என்று ஏகருக்கு எடுத்துச் சொன்னவர் வட கரோலினாவின் ஜான் பார்க்கர். முன்னுரிமை யாருக்கு என்ற பூசல் இன்றும் ஓய்ந்தபாடில்லை. என் பார்வையில், 2003-இன் நோபல் ஏகருக்குப் போனது சரிதான். பட்டையைச் சுட்டுவது வேறு, புரதத்தைத் தனியே எடுத்து அதன் வேலையைக் காட்டுவது வேறு. ஆனால் பாடநூல்கள் பெங்காவின் பெயரையே சொல்லாமல் விடுவதற்கு நியாயம் இல்லை.

வேலையைக் காட்டிய பரிசோதனை 1992-இல் வெளிவந்தது. செனோபஸ் என்ற ஆப்பிரிக்கத் தவளையின் முட்டைச் செல்லைத் தேர்ந்தெடுத்தார்கள். குளத்து நீரில் கிடக்க வேண்டிய முட்டை என்பதால் அதன் சவ்வு இயல்பாகவே நீரை எளிதில் விடாது. அதற்குள் இந்தப் புரதத்தின் ஆர்.என்.ஏ-வைச் செலுத்தினார்கள், ஒப்பீட்டுக்கு வேறு சில முட்டைகளில் வெறும் தண்ணீர். பிறகு இரண்டையும் நீர்த்த கரைசலுக்கு மாற்றினார்கள். ஆர்.என்.ஏ பெற்றவை மூன்று நிமிடம் வாக்கில் வீங்கி வெடித்தன. மற்றவை அசையவில்லை என்றே சொல்லலாம்.

இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். முட்டையின் விட்டம் 1.2 மில்லிமீட்டர் வாக்கில். உருண்டை என்று கொண்டால், சென்டிமீட்டர் கணக்கில் மேற்பரப்பைக் கன அளவால் வகுக்க 50 வரும். உள்ளே 200 மில்லி ஆஸ்மோல், வெளியே 70. வேறுபாடு 130, அதாவது ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.00013 மோல். ஒரு மோல் நீரின் கன அளவு 18 கன சென்டிமீட்டர். இந்த மூன்றையும் பெருக்கினால் 0.117. இதைச் சவ்வின் ஊடுருவல் மதிப்பால் பெருக்க, ஒரு விநாடிக்கு முட்டை எத்தனை பங்கு வீங்கும் என்பது கிடைக்கும். புரதம் உள்ள முட்டைக்கு அந்த மதிப்பு விநாடிக்கு 0.02 சென்டிமீட்டர் அளவில் இருந்தது. அப்படியானால் நிமிடத்துக்கு 14 சதவீத வீக்கம். மூன்று நிமிடத்தில் 40 சதவீதம் ஏறிவிடும். சவ்வு அதற்குமேல் தாங்காது. புரதம் இல்லாத முட்டைக்கு மதிப்பு அதில் எட்டில் ஒரு பங்கு. நிமிடத்துக்கு இரண்டு சதவீதம்கூட இல்லை. அதே வேகம் நீடித்தாலும் அந்த வீக்கத்தை எட்ட 20 நிமிடத்துக்கு மேலாகும். உள்ளே நீர் ஏற ஏறச் செறிவு வேறுபாடு தணிவதால் உண்மையில் இன்னும் தாமதமாகும். கண்ணால் பார்த்த வெடிப்பும் காகிதத்தில் போட்ட கணக்கும் ஒத்துப்போகின்றன என்பதுதான் இந்தப் பரிசோதனையின் பலம்.

எதிர்வாதம் ஒன்று உண்டு. செலுத்திய ஆர்.என்.ஏ, முட்டையிலேயே உறங்கிக் கிடந்த வேறு ஏதோ ஒரு வழியைத் திறந்துவிட்டிருக்கலாம் அல்லவா? அதே ஆண்டு மார்க் சைடலும் ஏகர் குழுவும் சுத்திகரித்த புரதத்தை வெறும் கொழுப்புக் குமிழ்களில் பதித்துப் பார்த்தார்கள். செல்லும் இல்லை, வேறு புரதமும் இல்லை. நீர் ஊடுருவல் 50 மடங்கு வரை கூடியது. வெப்பநிலைச் சார்பு துளைக்குரிய குறைந்த அளவிலேயே இருந்தது. யூரியாவும் புரோட்டானும் கூடுதலாகக் கசியவில்லை. ஒரு புரத மூலக்கூறு வழியே விநாடிக்குச் சுமார் 300 கோடி நீர் மூலக்கூறுகள். அடுத்த ஆண்டு, இந்தப் புரதத்தின் 189-ஆவது இடத்தில் உள்ள சிஸ்டீனை வேறு அமினோ அமிலமாக மாற்றினார்கள். நீர் முன்போலவே பாய்ந்தது, பாதரசம் மட்டும் பலிக்கவில்லை. பாதரசச் சான்றில் இருந்த ஐயமும் இத்துடன் தீர்ந்தது. சிவப்பணுவைப் பொறுத்தவரை பாதரசம் கைவைத்தது இதே புரதத்தின் இதே இடத்தில்தான். 2000-க்குப் பிந்தைய படிக ஆய்வுகள் துளையின் மிகக் குறுகிய இடம் 2.8 ஆங்ஸ்ட்ராம், அதாவது ஒரு நீர் மூலக்கூறின் அகலமே என்று காட்டின. நான்கு மூலக்கூறுகள் சேர்ந்து ஒரு கூட்டாக நிற்கும்; ஆனால் ஒவ்வொன்றுக்கும் தன் துளை தனி.

ஆக, நடுக்கூற்று நின்றுவிட்டது. கொழுப்பு வழிப் பரவலுக்கு எட்டாத வேகத்தில் நீரைக் கடத்தும் வழி இருக்கிறது, அது இந்தப் புரதம்தான். இதில் ஒரு திருத்தம் மட்டும் அவசியம். அக்வாபோரின் நீரை இழுப்பதில்லை, இறைப்பதும் இல்லை. செறிவோ அழுத்தமோ எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் போகும் நீருக்குத் தடையைக் குறைக்கிறது, அவ்வளவுதான். இந்தத் திருத்தத்தை மறந்தால் அடுத்த கேள்வியில் வழுக்கி விழுவோம். ஓட்டம் என்பது தடையும் தள்ளுவிசையும் சேர்ந்து தீர்மானிப்பது. ஒன்று மோசமானால் மற்றது ஈடுகட்ட முடியும்.

சிறுநீரகத்தில் நடப்பது அப்படியே இதுதான். நம் சிறுநீரகங்கள் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன; வெளியே போவது ஒன்றரை லிட்டர். திரும்பப் பெறுவதில் மூன்றில் இரண்டு பங்கு வடிகட்டியை அடுத்த முதல் சுருள் குழலிலேயே நடந்துவிடுகிறது. அங்கே சவ்வு முழுக்க முதல் அக்வாபோரின், அதாவது ஏகர் கண்ட அதே புரதம். குழல் செல்கள் சோடியத்தை உறிஞ்சுகின்றன, நீர் பின்தொடர்கிறது. இவ்வளவு பெரிய வேலைக்கு இந்தப் புரதம் இன்றியமையாதது என்று யாருக்கும் தோன்றும்.

1998-இல் இந்த மரபணுவை நீக்கிய எலிகளைப் பரிசோதித்தார்கள். குழல் சுவரின் நீர் ஊடுருவல் ஐந்தில் ஒரு பங்காகச் சரிந்தது. ஆனால் உறிஞ்சிய நீரின் அளவு பாதியாகத்தான் குறைந்தது. காரணம் 2000-இல் அளந்தபோது தெரிந்தது. சோடியம் போய்க்கொண்டே இருக்க, நீர் தாமதிப்பதால் குழலுக்குள் இருக்கும் திரவம் நீர்த்துவிடுகிறது. இயல்பான எலியில் இரு பக்கத்துக்கும் இடையே சுமார் 12 மில்லி ஆஸ்மோலாக இருந்த வேறுபாடு, நீக்கிய எலியில் 39 ஆனது. தடை ஐந்து மடங்கானதும் தள்ளுவிசை மூன்று மடங்குக்கு மேல் ஏறிக்கொண்டது. பெருக்கிப் பார்த்தால் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டம் தேறவேண்டும், அளந்தது பாதி. தோராயத்துக்கு மோசமில்லை. மீதியை வடிகட்டும் அளவைக் குறைத்துக்கொண்டு சிறுநீரகம் சமாளித்தது. எலி பிழைத்தது.

மனிதர்களிலும் இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். கோல்டன் என்ற இரத்த வகைக் குறி இந்தப் புரதத்தின் மீதுதான் அமைந்திருக்கிறது. அந்தக் குறியே இல்லாத குடும்பங்கள் உலகில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. 1994-இல் அவர்களைத் தேடிப் பரிசோதித்தபோது, புரதம் இல்லாதிருந்தும் அவர்கள் நலமாகவே இருந்தார்கள். பொருந்தாத இரத்தத்துக்கு எதிரான எதிர்ப்புப் பொருள் உடலில் தென்படாமல் இருந்திருந்தால் அவர்களை யாரும் கவனித்திருக்கவே மாட்டார்கள். அக்வாபோரின் இல்லாவிட்டால் உயிரே இல்லை என்பவர்கள் முதலில் பதில் சொல்ல வேண்டியது இவர்களுக்கு.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. 2001-இல் லாண்டன் கிங்கும் ஏகரும் அவர்களில் இருவரைத் தண்ணீர் குடிக்காமல் இருக்கச் செய்து பார்த்தார்கள். முதல் சுருள் குழலின் வேலை குறைந்ததாகத் தெரியவில்லை. ஆனால் சிறுநீரின் செறிவு சுமார் 450 மில்லி ஆஸ்மோலோடு நின்றுவிட்டது. மற்றவர்களுக்கு அது 1000 வாக்கில் ஏறும். ஹென்லே வளைவின் இறங்கு கிளையிலும் இதே புரதம்தான் இருக்கிறது. சிறுநீரகத்தின் உட்பகுதியில் உப்புச் செறிவு படிப்படியாக உயர அந்தக் கிளை வேகமாக நீர் விட்டாக வேண்டும். எலிகளில் இது இன்னும் கடுமை: 36 மணி நேரம் நீர் இல்லாமல் வைத்ததில் உடல் எடையில் மூன்றில் ஒரு பங்கை இழந்தன. சாப்பாடும் குழாய்த் தண்ணீரும் கிடைக்கும் மனிதரிடம் வெளிப்படாத குறை, தண்ணீரை நிறுத்தியவுடன் வெளிப்பட்டது. ஆகவே முதல் அக்வாபோரினைப் பற்றிச் சொல்லக்கூடியது இவ்வளவு: உயிர் வாழ்வதற்கு இது கட்டாயம் இல்லை, தட்டுப்பாட்டைத் தாங்குவதற்குத் தேவை.

சேகரிப்புக் குழலுக்கு வந்தால் நிலவரம் தலைகீழ். அங்கே வந்து சேரும் திரவம், வடிகட்டியதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 15 முதல் 20 லிட்டர். குழலின் உட்புறச் சவ்வு இயல்பிலேயே நீர் விடாதது; வேண்டுமென்றே அப்படி. இரண்டாவது அக்வாபோரின் அந்தச் சவ்வில் நிலையாக இருப்பதில்லை. செல்லுக்குள் நுண்ணிய பைகளில் தயாராகக் காத்திருக்கிறது. உடலில் நீர் குறைந்ததும் பிட்யூட்டரியிலிருந்து வாசோபிரெசின் ஹார்மோன் வருகிறது. செல்லின் பின்புறத்தில் உள்ள ஏற்பியில் அமர்கிறது. செல்லுக்குள் சுழற்சி ஏ.எம்.பி கூடுகிறது; அது தூண்டிவிட்ட நொதி, அக்வாபோரினின் 256-ஆவது இடத்தில் உள்ள செரினில் ஒரு பாஸ்பேட்டைச் சேர்க்கிறது. பைகள் சவ்வோடு இணைகின்றன. சில நிமிடங்களில் சவ்வு நீர் விடத் தொடங்குகிறது. உள்ளே நுழைந்த நீர் பின்புறச் சவ்வில் எப்போதும் திறந்தே இருக்கும் மூன்றாவது, நான்காவது அக்வாபோரின்கள் வழியே வெளியேறுகிறது. ஹார்மோன் ஓய்ந்ததும் இரண்டாவது அக்வாபோரினைச் செல் மறுபடி உள்ளே இழுத்துக்கொள்கிறது.

இந்த ஏற்பாடு கெட்டால் ஈடுகட்ட வழி இல்லை. தள்ளுவிசையை இங்கே மேலும் கூட்ட முடியாது. சுற்றிலும் உப்புச் செறிவு ஏற்கெனவே உச்சத்தில் இருக்கிறது. 1994-இல் பீட்டர் டீன் குழு விவரித்த நோயாளிக்கு இந்த மரபணுவின் இரண்டு பிரதிகளிலும் பழுது. இப்படிப்பட்டவர்கள் நாளுக்கு 10 முதல் 20 லிட்டர் வரை சிறுநீர் கழிக்கக்கூடும். கைக்குழந்தையாக இருந்தால், தாகத்தைச் சொல்லத் தெரியாமல் நீரிழப்பில் மூளையே பாதிக்கப்படலாம். மருத்துவர்கள் இதைக் கண்டறியும் விதமே ஒரு நல்ல தர்க்கம். கண்காணிப்பில் வைத்துத் தண்ணீரை நிறுத்துகிறார்கள்; சிறுநீர் நீர்த்தே வந்தால் டெஸ்மோபிரெசின் என்ற செயற்கை ஹார்மோனைத் தருகிறார்கள். செறிவு கணிசமாக ஏறினால் குறை பிட்யூட்டரியில். ஏறாவிட்டால் சிறுநீரகத்தில், அதாவது ஹார்மோன் வந்து தட்டியும் திறக்கவில்லை. மனநோய்க்கு நீண்டகாலம் லித்தியம் எடுத்துக்கொள்பவர்களில் பலருக்குத் தாகமும் மிகைச் சிறுநீரும் வருவதன் காரணமும் இங்கேதான் இருக்கிறது. எலிகளுக்கு 25 நாள் லித்தியம் கொடுத்தபோது இரண்டாவது அக்வாபோரின் இயல்பில் சில சதவீதமாகக் கரைந்துவிட்டது.

ஒரே உறுப்பு, ஒரே குடும்பத்துப் புரதங்கள். முதல் குழலில் ஒன்று போனால் உடல் சமாளிக்கிறது, கடைசிக் குழலில் இன்னொன்று போனால் சமாளிக்க முடியவில்லை. இத்தனைக்கும் நீரின் அளவு முதல் குழலில்தான் பல மடங்கு அதிகம். வேகம்தான் அக்வாபோரினின் முதன்மைப் பயன் என்றால் இது நேர்மாறாக அல்லவா இருக்க வேண்டும்? முதல் குழலில் இது வாய்க்கால். அகலம் குறைந்தால் நீர்மட்டம் ஏறி ஓட்டத்தை ஓரளவு காப்பாற்றிவிடும். கடைசிக் குழலில் இது மதகு. திறக்காத மதகுக்கு மாற்று இல்லை.

இந்த அளவுகோலோடு வேருக்குப் போனால், அங்கே சான்றுகள் இன்னும் சிக்கலாகக் கிடக்கின்றன. 1993-இல் கிறிஸ்டோஃப் மோரெல், செடியின் நுண்குமிழ்ச் சவ்வில் உள்ள ஒரு புரதத்தைத் தவளை முட்டையில் வைத்து நீர்வழி என்று காட்டினார். மனிதருக்கு 13 அக்வாபோரின் மரபணுக்கள் என்றால், அரபிடாப்சிஸ் என்ற சிறு செடிக்கு 35. இவ்வளவு வைத்திருக்கும் உயிர் இவற்றை நம்பித்தான் நீர் குடிக்கிறது என்று நினைப்பது இயல்பு. ஆனால் மண்ணிலிருந்து வேரின் நடுவே உள்ள சைலம் வரை போகும் நீருக்கு மூன்று வழிகள் உண்டு. செல்லுக்குள்ளேயே நுழையாமல் செல் சுவர்களின் ஊடே போகலாம். ஒரு செல்லில் நுழைந்து, செல்களை இணைக்கும் நுண்பாலங்கள் வழியே போகலாம். அல்லது ஒவ்வொரு செல்லாகச் சவ்வைக் கடந்து கடந்து போகலாம். கடைசி வழிக்குத்தான் அக்வாபோரின் பெரிதும் வேண்டும். அகத்தோலில் காஸ்பேரியன் பட்டை சுவர் வழியை அடைப்பதால் அங்கே எப்படியும் சவ்வைக் கடந்தாக வேண்டும் என்பார்கள்; ஆனால் பட்டை இன்னும் முதிராத வேர் நுனியிலும், பக்கவேர் முளைத்து வெளியேறும் இடத்திலும் இடைவெளி இருக்கும்.

தொண்ணூறுகளில் வேரின் அக்வாபோரின் பங்கை அளக்கப் பயன்பட்ட கருவி பாதரசம். 1995-இல் தக்காளி வேரில் பாதரசக் குளோரைடு நீரோட்டத்தைப் பாதிக்கு மேல் குறைத்தது. ஆகவே பாதிக்கு மேல் அக்வாபோரின் வழி என்று முடிவு. இந்த முடிவை நான் ஏற்கத் தயங்குகிறேன். சிவப்பணுவுக்குக் கருவோ மைட்டோகாண்ட்ரியாவோ இல்லை. அங்கே பாதரசத்தின் பக்கவிளைவுகள் குறைவு. அதோடு அந்த ஒரு சிஸ்டீனை மாற்றிப் பார்த்த சரிபார்ப்பும் இருக்கிறது. வேர் அப்படியல்ல. கோதுமை வேரில் பாதரசம் சுவாசத்தைக் குலைத்து, சவ்வின் மின்னழுத்தத்தையும் சரித்துவிடுவதை 1999-இல் காட்டினார்கள். செத்துக்கொண்டிருக்கும் செல் நீர் கடத்தாததற்கு அக்வாபோரின் அடைபட்டதுதான் காரணம் என்று எப்படிச் சொல்வது? மறுபக்கம், பாதரசத்துக்கு மசியாத அக்வாபோரின்களும் உண்டு. ஆக இந்தக் கருவி இருப்பதை இல்லை என்றும், இல்லாததை இருக்கிறது என்றும் காட்டக்கூடியது.

மரபணு வழியில் கிடைத்த விடை அடக்கமானது, அதனாலேயே நம்பகமானது. 2003-இல் ஹெலீன் ஜவோ குழு அரபிடாப்சிஸில் வேரில் மிகுதியாக உள்ள ஒரே ஒரு அக்வாபோரினை நீக்கியது. புறணிச் செல்களின் நீர்க்கடத்தல் 25 முதல் 30 சதவீதம் குறைந்தது. வெட்டிய வேரில் கசிந்த சாற்றைக் கொண்டு அளந்த மொத்த வேரின் சவ்வூடு நீர்க்கடத்தல் 14 சதவீதம்தான் குறைந்தது. அந்த ஆய்வாளர்கள் கொடுத்த தீர்ப்பிலும் அளவு இருந்தது: செறிவு வேறுபாட்டால் நடக்கும் நீரோட்டத்துக்கு இந்தப் புரதம் உதவுகிறது என்றார்கள், அவ்வளவே. வெயிலில் இலை நீராவி விட்டு மேலிருந்து இழுக்கும்போது அழுத்த வேறுபாடு பெரிது. சுவர் வழியே நிறைய நீர் ஏறும். இரவிலும் ஈரக் காற்றிலும் இழுப்பு இல்லாதபோது சவ்வு வழி முக்கியமாகிறது.

செடியும் எலியைப் போலவே ஈடுகட்டுகிறது, அதுவும் கண்ணுக்குத் தெரியும்படி. 1998-இல் ரால்ஃப் கால்டன்ஹாஃப் குழு அரபிடாப்சிஸில் ஒரு வகை அக்வாபோரினை அடக்கியபோது செல்களின் நீர் ஊடுருவல் குறைந்தது. செடியோ வாடவில்லை, வேரை ஐந்து மடங்கு அதிகமாக விட்டது. ஒவ்வொரு வழியும் குறுகியதும் வழிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டது. இதற்கு நேரெதிர்ப் பக்கமும் உண்டு. 2003-இல் புகையிலையில் ஒரு அக்வாபோரினை மிகையாக உண்டாக்கியபோது, நீர் தாராளமாக உள்ள காலத்தில் செடி செழித்து வளர்ந்தது. வறட்சியில் சாதாரணச் செடியைவிட வேகமாக வாடியது. அக்வாபோரினைக் கூட்டினால் வறட்சி தாங்கும் பயிர் கிடைக்கும் என்று எழுதுபவர்கள் இந்த முடிவைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தடையைக் குறைத்தால் நீர் இரு திசையிலும் எளிதாகப் போகும் என்பதற்கு மேல் இதில் புதிர் ஒன்றும் இல்லை.

வேரிலும் இந்தப் புரதம் தன்னைத் தெளிவாக நிரூபிப்பது மூடிக்கொள்ளும்போதுதான். மழைநீர் தேங்கிய வயலில் செடி வாடுவதை நம் விவசாயிகள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். சுற்றிலும் நீர், இலையோ தொங்குகிறது. அழுகலும் நோயும் பின்னால் வரும் காரணங்கள். முதல் சில மணி நேரத்தில் நடப்பது வேறு. தேங்கிய மண்ணில் ஆக்சிஜன் தீர்கிறது. சுவாசம் தடைப்பட்டு வேர்ச் செல்லின் உள்திரவம் அமிலமாகிறது. 2003-இல் கொலெட் டூர்னேர்-ரூவும் மோரெல் குழுவும் காட்டியபடி, பிளாஸ்மா சவ்வு அக்வாபோரின்களின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் உள்ள ஹிஸ்டிடின் அந்த அமிலத்திலிருந்து புரோட்டானைப் பெற்றதும் துளை மூடிக்கொள்கிறது. அந்த ஒரே அமினோ அமிலத்தை மாற்றிய புரதம் அமிலத்துக்கு மசியவில்லை. 2006-இல் பசலைக்கீரை அக்வாபோரினின் படிக வடிவம், உள்பக்கத்துச் சிறு வளையம் ஒன்று மடங்கித் துளையை அடைப்பதைக் காட்டியது. பாதரசத்தைப் போல வெளியிலிருந்து கொட்டிய நஞ்சு அல்ல இது. செல் தானே செய்யும் வேலை. காரணம், விளைவு, அதன் ஒற்றைப் புள்ளி ஆகிய மூன்றும் அகப்பட்டிருக்கின்றன. வேர் பற்றிய சான்றுகளில் நான் முதலிடம் கொடுப்பது இதற்கே.

எடைபோட்டதன் முடிவு இது. நீர் சவ்வைக் கடக்கும் வேகத்தைப் பல இடங்களில் கொழுப்பு வழிப் பரவலால் மட்டும் விளக்க முடியாது, அந்த வேகத்துக்குக் காரணம் அக்வாபோரின் என்பது கொழுப்புக் குமிழ் பரிசோதனையோடு நிறுவப்பட்டுவிட்டது. அதில் மறுபரிசீலனைக்கு இடமில்லை. அக்வாபோரின் இல்லாவிட்டால் சிறுநீரகமும் வேரும் நின்றுவிடும் என்பது மிகைக்கூற்று. முதல் சுருள் குழலும் வேரின் பகல்நேர நீரோட்டமும் தள்ளுவிசையைக் கூட்டியோ பரப்பைக் கூட்டியோ பெருமளவு சமாளிக்கின்றன. சேகரிப்புக் குழலிலும் ஆக்சிஜன் இழந்த வேரிலும் நிலைமை வேறு; எப்போது நீர் விடுவது, எப்போது நிறுத்துவது என்பதை அங்கே தீர்மானிப்பது அக்வாபோரின்தான், அதற்கு மாற்றும் கிடையாது. பாதரசத்தை மட்டும் நம்பி வேரின் அக்வாபோரின் பங்கைச் சதவீதமாகச் சொல்லும் பழைய கணக்குகளை, மரபணு ஆய்வு உறுதிசெய்யாத வரை மேற்கோளாகக் காட்டாமல் இருப்பதே நல்லது.